சுவருக்குப் பவுடர் போட்டவன்

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கன்னத்தை மொழுமொழுவென்று ஆக்குவதில் எனக்கு ஒரு பேர் உண்டு. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தூக்கம் கெட்ட மாப்பிள்ளையின் வீங்கிய இமை என்று எது வந்தாலும் துடைத்துவிடுவேன். அந்தப் பேரை நம்பித்தான் ஒரு கட்டடச் சுவரின் படத்தைத் திருத்தித் தர ஒப்புக்கொண்டேன். "மூஞ்சியையே சரி பண்றவனுக்குச் சுவரு எம்மாத்திரம்" என்று வாய்விட்டு வேறு சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

படம் புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் பழைய வீட்டுடையது. இப்போது அது விருந்தினர் விடுதி. கடுகு மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, பச்சை ஜன்னல் கதவு என்று அந்த ஊருக்கே உரிய முகப்பு. வடகிழக்குப் பருவமழை அதை நன்றாகவே கவனித்திருந்தது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் மூட்டு கசிந்து, இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு ஓதம். வாசல்படிக்கு மேலே சிலந்தி வலைபோல மயிரிழை விரிசல்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, சுவரின் நீளத்துக்கும் பெயிண்ட் பொரிந்து உரிந்து கிடந்தது. குழாயை மாற்றியாயிற்று. ஆனால் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் அடிக்க முடியும் என்று பெயிண்டர் சொல்லிவிட்டார். விடுதிக்காரம்மாவுக்கோ டிசம்பர் கூட்டம் வருவதற்குள் விளம்பரத் தாள் அச்சாக வேண்டும். "பெயிண்டர் ஜனவரியில செய்யப்போறத நீங்க இப்பவே படத்துல செஞ்சு குடுங்க தம்பி" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு வேலையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் செய்தது என்னவோ பெயிண்டர் வேலை இல்லை, பியூட்டி பார்லர் வேலை. ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷைப் பெரிதாக்கி, ஓதத்தின்மேலும் விரிசலின்மேலும் உரிந்த இடத்தின்மேலும் ஒரே மாதிரி தேய்த்தேன். கறை போகாத இடத்தை லாசோவால் வளைத்துப் பிடித்து காஸியன் பிளர் கொடுத்தேன். கணினித் திரையில் சுவர் பளிச்சென்று இருந்தது. அச்சடித்த மாதிரித் தாளை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தம்பி, நடுவுல மட்டும் பட்டி பார்த்து விட்டுட்டீங்களா?" என்றார்.

உண்மை. சுற்றிலும் மணல் மணியாகத் தெரியும் பூச்சு. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை. ஓதம் இருந்தபோதாவது அது சுவராகத் தெரிந்தது. அந்த வீட்டின் பூச்சு மணியாஸ் கட்டையால் தேய்த்து முடித்த மணல் பூச்சு. ஒவ்வொரு மணலும் ஒரு பக்கம் வெளிச்சத்தையும் மறுபக்கம் துளி நிழலையும் வைத்திருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது சுவர் என்று சொல்வது அந்த மணிதான். முகத்திலாவது தோலின் துளைகள் போனால் பவுடர் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சுவரின் மணி போனால் அது சுவராகவே இருக்காது.

திரும்ப உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், மூன்று கோளாறுக்கும் ஒரே மருந்து கொடுத்த என் வைத்தியம் எங்கே தவறியது என்று பிடிபட்டது. ஓதம் பட்ட இடத்தில் மணல் மணி அப்படியே இருக்கிறது. நிறம் மட்டும்தான் கறுத்திருக்கிறது. விரிசல் ஓடும் இடத்தில் நிறம் சரியாக இருக்கிறது. பூச்சின் மேற்பரப்புதான் ஒரு கோடாக அறுந்திருக்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில் நிறமும் போயிற்று, மேற்பரப்பும் போயிற்று. ஆக, முதலாவதற்கு நிறத்தை மட்டும் தொட வேண்டும், இரண்டாவதற்கு மணியை மட்டும் தொட வேண்டும், மூன்றாவதற்கு இரண்டையும் தனித்தனியாகத் தொட வேண்டும். இதைக் கண்டுபிடித்த பெருமையில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த தவறுக்குத் தயாரானேன்.

ஓதத்திலிருந்து தொடங்கினேன். மணி உயிரோடு இருக்கும் இடத்தில் குளோனும் வேண்டாம், ஹீலிங்கும் வேண்டாம். ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, ஓதம் இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் திறந்து, காய்ந்த சுவரின் நிறத்துக்கு ஏற்றினால் போதும். எவ்வளவு ஏற்றுவது என்று தெரிய ஐடிராப்பரால் இரண்டு இடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அளந்தேன். ஒரு தடவை சிவப்பு 190 என்றது, ஒரு நூல் தள்ளி வைத்தால் 140 என்றது. கணினிக்குக் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். கோளாறு எனக்கு. ஐடிராப்பர் Point Sample என்ற நிலையில் இருந்தது. அதாவது ஒரே ஒரு பிக்சலைப் படித்தது. அந்தப் பிக்சல் ஒரு மணலின் வெயில் பக்கமாக இருந்தால் ஒரு எண், நிழல் பக்கமாக இருந்தால் வேறு எண். சுவரை அளப்பதாக நினைத்து மணலை அளந்துகொண்டிருந்தேன். மேலே பட்டியில் 31 by 31 Average என்று மாற்றியதும் எண்கள் அடங்கின. காய்ந்த சுவர் சுமார் சிவப்பு 214, பச்சை 176, நீலம் 96. ஓதம் ஏறிய இடம் 168, 129, 62.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சிவப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பச்சை கால் பங்குக்கு மேல். நீலம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நனைந்த சுவர் வெறுமனே இருட்டாவதில்லை. அதன் மஞ்சள் அழுத்தமாகவும் ஆகிறது. மணலுக்கு நடுவில் உள்ள துளைகளைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால், உள்ளே போன வெளிச்சம் சீக்கிரம் வெளியே வராமல் பல முறை மோதிச் சுற்றுகிறது. மோதும்போதெல்லாம் கொஞ்சம் பறிபோகிறது. மஞ்சள் நிறம் நீலத்தை விழுங்கும் நிறம் என்பதால், இந்தச் சுற்றலில் அதிக நஷ்டம் நீலத்துக்கு. இது தெரியாமல் நான் முதலில் மூன்று சேனலையும் சேர்த்து ஒரே விகிதத்தில் தூக்கினேன். வெளிச்சம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் மாம்பழச் சாறு கொட்டியதுபோல் ஆரஞ்சாக நின்றது. கர்வ்ஸில் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகத் திறந்து ஒவ்வொரு புள்ளி வைத்தபோதுதான் அடங்கியது:

```
Red    Input 168   Output 214
Green  Input 129   Output 176
Blue   Input  62   Output  96
```

இதிலும் ஒரு சறுக்கல். நான் வேலை செய்தது கேமரா கொடுத்த ஜேபெக் கோப்பில். நீலத்தை ஒன்றரை மடங்கு தூக்கியதும், மணலுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் எழுந்து நின்றன. ஜேபெக் படத்தை 8 x 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. இருட்டில் ஒளிந்திருந்த அந்த வெட்டுகளை நானே வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டேன். நல்ல வேளையாக ரா கோப்பு இருந்தது. அதிலிருந்து 16-பிட் படமாக எடுத்து மறுபடி செய்தேன். ஓதத்தை எடுக்கும் எண்ணம் இருந்தால் ரா இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதை இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன், ஏதோ பிறந்தபோதே தெரிந்தவன்போல.

கர்வ்ஸால் ஓதத்தின் நடுப்பகுதி முழுசாக மறைந்தது. ஓரம் மறையவில்லை. தண்ணீர் ஏறிக் காய்ந்து நின்ற இடத்தில், கரைந்து வந்த உப்பும் அழுக்கும் ஒரு பழுப்புக் கோடாகப் படிந்திருந்தன. அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அது வெறும் நிறம் இல்லை, சுவரின்மேல் உட்கார்ந்திருக்கும் பொருள். மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக்கினால் அந்தக் கோடும் கரையும் என்று நம்பி, மென்மையாக்கிக்கொண்டே போனேன். கோடு அப்படியே இருந்தது. அதற்கு வெளியே நல்ல சுவர்தான் வெளுத்தது. ஓதத்துக்குப் பதில் ஓர் ஒளிவட்டம், சாமி படத்தில் இருப்பதுபோல. பிறகு மாஸ்க்கைக் கோட்டின் உள்விளிம்போடு நிறுத்தி, குறைந்த ஃப்ளோவில் பிரஷ்ஷால் ஓரத்தைக் கையாலேயே ஒட்டவைத்தேன். கோட்டையும் உப்பையும் விரிசலோடு சேர்த்து அடுத்த கட்டத்துக்கு ஒதுக்கினேன்.

விரிசலில் என் பெரிய எதிரி மென்மையான பிரஷ். முகத்தில் வேலை செய்து பழகியவன் கை தானாகவே ஹார்ட்னஸ்ஸைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். ஓரம் தெரியாமல் கலக்க வேண்டும் என்பது பால பாடம். சுவரில் அந்தப் பாடம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மென்மையான ஓரம் என்றால் அந்த இடத்தில் பழைய மணி பாதி, புது மணி பாதி என்று இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன என்று அர்த்தம். ஒன்றின் வெளிச்சம் மற்றதன் நிழலில் விழுகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மணிகளைச் சரிபாதியாகக் கலந்தால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கலந்ததை மறுபடி எடுத்துக் கலந்தால் இன்னும் இறங்கும். நான் விரிசலை அழித்துக்கொண்டே போன பாதை முழுவதும் புகைபிடித்த கண்ணாடிபோல் மங்கி, விரிசல் இருந்த இடத்தை முன்னைவிட அழகாகக் காட்டிக்கொடுத்தது.

மயிரிழைக்கு ஏற்ற முறை மிகச் சாதாரணமானது. விரிசலைவிடக் கொஞ்சமே அகலமான பிரஷ், ஹார்ட்னஸ் 90க்குக் குறையாமல். ஒரேயடியாக நீள இழுப்பு இழுக்காமல், ஓர் அங்குலம், அரை அங்குலம் என்று துண்டு துண்டாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆல்ட் அழுத்தி எடுக்கும் மூல இடம் பக்கத்திலேயே, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து மறுபடி எடுக்கக் கூடாது. ஜன்னல் சட்டத்தை ஒட்டிய விரிசலுக்கு ஹீலிங் பிரஷ் ஆகாது. அது சுற்றியிருக்கும் நிறத்தைப் பார்த்துக் கலப்பதால், பச்சைச் சட்டத்தைச் சுவருக்குள் இழுத்து ஒரு பாசித் தடவலை விட்டுவிடும். அங்கே குளோன் ஸ்டாம்ப்தான்.

மூல இடத்தை மாற்ற வேண்டும் என்ற விதியை நான் எங்கே கேட்டேன்? வாசலுக்கு மேலே நல்ல சுவர் குறைவாக இருந்தது. கிடைத்த ஒரு சின்னத் துண்டையே திரும்பத் திரும்ப எடுத்து ஒட்டினேன். அந்தத் துண்டில் பூச்சு வேலையின்போது ஒட்டிக்கொண்ட ஒரு சின்னக் கட்டி இருந்ததைக் கவனிக்கவில்லை. 200 சதவீதத்தில் பெரிதாக்கி வேலை செய்கிறவனுக்கு ஒரு சமயத்தில் ஒரு கட்டிதான் தெரியும். விடுதிக்காரம்மாவின் பேத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை, படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தச் சுவருக்கு ஒரே மச்சம் வரிசையா இருக்கே" என்றாள். வரிசையாகத்தான் இருந்தது, அளந்து வைத்ததுபோல.

இந்த மானக்கேட்டை மறைக்கச் செய்த தந்திரம்தான் எல்லாவற்றிலும் மோசம். அதே துண்டைத் தனி லேயரில் எடுத்து, இடவலமாகப் புரட்டி ஒட்டினேன். புரட்டினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது என் எண்ணம். கட்டியை யாரும் அடையாளம் காணவில்லைதான். ஆனால் அந்த இடம் மட்டும் குழிகுழியாகத் தெரிந்தது, அம்மை விழுந்ததுபோல. நெடுநேரம் காரணம் புரியவில்லை. படம் எடுத்தது காலை வெயிலில். தெற்கு பார்த்த சுவர். எதிரே நின்று பார்த்தால் கிழக்கு வலது கைப்பக்கம். ஆகவே ஒவ்வொரு மணலுக்கும் வலது பக்கம் வெளிச்சம், இடது பக்கம் நிழல். நான் புரட்டியதும் அந்தத் துண்டில் மட்டும் வெயில் இடமிருந்து வந்துவிட்டது. ஒரே வெயிலில் நிற்கும் சுவரில் நிழல் மட்டும் பக்கம் மாறினால், கண் அதை மேடு என்று ஏற்றுக்கொள்ளாது. பள்ளம் என்றே படிக்கும். சாய்ந்த வெயிலில் எடுத்த சுவரில் ஒரு துண்டைப் புரட்டவோ சுழற்றவோ கூடாது. எடுக்கிற இடத்தை மாற்றலாம், வெயிலை மாற்ற முடியாது.

இப்போது அடிச்சுவர். உரிந்த பெயிண்டின் விளிம்பு சுருண்டு எழும்பி நிற்கிறது. அதற்கென்று ஒரு வெளிச்சக் கோடு, கீழே ஒரு நிழல். உள்ளே பழைய நீலச் சுண்ணாம்பும் அதற்குள் சாம்பல் பூச்சும். நிறத்தையும் மணியையும் இரண்டு தனித் தாளாகப் பிரித்துவிட்டால் இதைச் சமாளிக்கலாம். ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்று முகம் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் அதே வித்தைதான். அதுவரை செய்த வேலையை ஒரே லேயராக்கி இரண்டு நகல் எடுக்க வேண்டும். கீழ் நகலுக்கு low என்று பெயர் வைத்து, மணல் மணி மறையும்வரை காஸியன் பிளர் கொடுக்க வேண்டும். மேல் நகலில் இருந்து அந்தக் கீழ் நகலைக் கழித்தால் மணி மட்டும் மிஞ்சும். 16-பிட் படத்துக்கு அமைப்பு இது:

```
Image > Apply Image
Layer: low    Channel: RGB    Invert: on
Blending: Add    Scale: 2    Offset: 0
```

பிறகு மேல் லேயரை Linear Light ஆக்கினால் படம் பழையபடி தெரியும். இரண்டையும் சேர்த்து அணைத்து எரித்துப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கேயோ தப்பு.

எல்லாம் அந்த பிளர் அளவில் இருக்கிறது. என் படத்தில் ஒரு மணல் ஏறக்குறைய 8 பிக்சல். முதலில், முகத்துக்குக் கொடுக்கும் பழக்கத்தில், ரேடியஸ் 3 கொடுத்தேன். பாதி மணி கீழேயே தங்கிவிட்டது. கீழ்த் தாளில் நிறத்தைத் தடவியபோது அந்தப் பாதி மணியும் சேர்ந்து அழிந்து, மறுபடி பட்டிச் சுவர். ரோஷத்தில் 40க்கு ஏற்றினேன். இப்போது உரிந்த இடத்தின் நிழலும் நீலமும்கூட மேல் தாளுக்கு ஏறிக்கொண்டன. பிரித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. மணல் மறைய வேண்டும், ஆனால் உரிந்த இடத்தின் வடிவம் கீழே தெரிய வேண்டும். என் படத்தில் அது 12ல் நடந்தது. வேறு படத்தில், வேறு தூரத்தில் எடுத்ததில், அது வேறாகத்தான் இருக்கும். எண்ணை மனப்பாடம் செய்யாமல் மணலைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

பிரித்த பிறகு வேலை இரண்டு. கீழ்த் தாளில் மணி இல்லாததால் அங்கே மென்மையான பிரஷ்ஷுக்குத் தடையில்லை. பக்கத்து மஞ்சளை எடுத்து நீலத்தின்மேல் நிதானமாகப் பூசலாம். மேல் தாளில் கெட்டி ஓர குளோன் ஸ்டாம்ப்பால், நல்ல பூச்சின் மணியை எடுத்துச் சுருண்ட விளிம்பின்மேல் வைக்க வேண்டும். இதற்கு Sample என்பது Current Layer என்று இருக்க வேண்டும். எனக்கு அது All Layers என்று இருந்தது. மணியை மட்டும் எடுப்பதாக நினைத்துச் சுவரின் மஞ்சளையும் சேர்த்து அள்ளி மேல் தாளில் வைத்துவிட்டேன். Linear Light அந்த மஞ்சளை மறுபடி கூட்டிக் காட்டியதில், அடிச்சுவரில் ஒரு சோடியம் விளக்கு எரிந்தது. அதைத் திரை கெட்டுவிட்டது என்று நினைத்து ஒயரை அசைத்துப் பார்த்தவன் நான்.

அடிச்சுவர் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. தெரு குறுகல் என்பதால் படத்தைச் சாய்வாகத்தான் எடுக்க முடிந்தது. வலக் கோடி கிட்டத்தில், இடக் கோடி தூரத்தில். கிட்டத்தில் 8 பிக்சல் இருந்த மணல் தூரத்தில் 4 பிக்சல்தான். கிட்டத்து மணலை எடுத்து அப்படியே தூரத்தில் வைத்தபோது இடக் கோடியில் ஜல்லி கொட்டியதுபோல் ஆயிற்று. குளோன் சோர்ஸ் பலகையில் W, H இரண்டையும் 50 சதவீதமாக்கினால் மணல் அளவு பொருந்தும். கிட்டத்திலிருந்து எடுத்துச் சிறிதாக்கித் தூரத்தில் வைக்கலாம். தூரத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கிக் கிட்டத்தில் வைத்தால் மணி மங்கிவிடும். ஆகையால் கிட்டத்துச் சுவரில் நல்ல இடமே இல்லையென்றால், கணினியை மூடிவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு அதே வெயில் நேரத்தில் போய், நல்ல சுவரை ஒரு படம் எடுத்து வருவதுதான் வழி.

சரிபார்ப்பதற்கு நான் மிகத் தாமதமாகக் கற்ற ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மேலும் கீழுமாக மலை மடுபோல் வளைத்துவிட வேண்டும். படம் கண்றாவியாக மாறும். ஆனால் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருந்த ஒட்டு, ஒளிவட்டம், மங்கிய பாதை எல்லாம் அதில் கொட்டைக் கொட்டையாகத் தெரியும். பிறகு 25 சதவீதத்துக்குச் சிறிதாக்கி எட்டி நின்று பார்த்தால் மச்ச வரிசைகள் அகப்படும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிட வேண்டும். அழிக்காமல் நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மா போன் செய்தார். "தம்பி, கலர் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க பெயிண்டருகிட்ட மஞ்சள்தான் சொல்லியிருக்கோம்."

கடைசியில் படம் ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "வாசலுக்கு மேல நாலு கோடு இருக்கட்டும் தம்பி. அது பழைய வீடு. எல்லாத்தையும் எடுத்துட்டா, வர்றவங்க வேற வீடுன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க." நான் பாடுபட்டு அழித்த விரிசல்களில் சிலவற்றை மாஸ்க் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். கூலி குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இந்த வேலையில் கை தேறிய பிறகு, விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் படம் வந்தது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாகத் தரை நோக்கி ஓடும் ஒரு விரிசல். விரல் நுழையாது, ஆனால் நகம் நுழையும். தடயமே இல்லாமல் எடுத்தேன்; மணி, வெயில், தூரம் எல்லாம் பொருந்தியது. என் வாழ்நாளின் மிகச் சுத்தமான வேலை என்று பழக்கமான மேஸ்திரி ஒருவரிடம் முன்படத்தையும் பின்படத்தையும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவர் பின்படத்தைப் பார்க்கவே இல்லை. முன்படத்தில் விரலை வைத்து, "இது பூச்சு வெடிப்பு இல்லப்பா. கீழ எங்கயோ எறங்கியிருக்கு. வாங்குறவன் இதைத்தானே பார்க்கணும்" என்றார். பூச்சு சுருங்கி வலைபோல் வரும் மயிரிழை வேறு. ஜன்னல், வாசல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் வேறு. பின்னது கட்டடம் அசைந்ததன் அடையாளமாக இருக்கலாம். திருத்திய படத்தை அனுப்பாமல், விரிசலோடு இருந்ததையே அனுப்பினேன். அந்த வாடிக்கையாளர் பிறகு வரவில்லை.

அன்றிலிருந்து, சுவர்ப் படம் கொண்டுவருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். இந்தச் சுவரை நிஜத்தில் சரிசெய்யப் போகிறீர்களா? படத்தைப் பார்த்து யாராவது பணம் கொடுக்கப் போகிறார்களா? பெயிண்டர் சரிசெய்யக்கூடியது எதுவோ, நிஜமாகவே சரிசெய்யப் போவது எதுவோ, அதைப் படத்தில் முன்கூட்டிச் செய்து தருவேன். கொத்தனாரோ பிளம்பரோ வந்து பார்க்க வேண்டியது படத்திலும் அப்படியே இருக்கும். நீங்களும் வீட்டு விளம்பரப் படம் பார்க்கும்போது, சுவரில் மணி தெரியாமல் ஓரிடம் மட்டும் மொழுமொழுவென்று இருந்தால், அங்கே என்ன இருந்தது என்று நேரில் போய்ப் பாருங்கள். என்னைப் போன்ற ஒருவன் அங்கே பவுடர் போட்டிருக்கலாம்.